உட்கார்ந்தே கோப்பை வாங்கலாமா?
பதினொரு பள்ளிக்கூடங்களும் ஒரு பந்தயப் பட்டியலும்

காவேரிக் கரையில் ஒரு தாலுகா ஊர். ஆண்டுதோறும் அங்கே சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடங்களுக்குள் வாலிபால் பந்தயம் நடக்கும். சென்ற ஆண்டு இறுதி ஆட்டம் முடிந்து, வெள்ளிக் கோப்பையை நகரப் பள்ளியின் காப்டன் கையில் கொடுத்தபோது, கைதட்டலுக்கு நடுவே வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"உட்கார்ந்தே கப்பு வாங்கிட்டாங்கப்பா!"

கூட்டம் சிரித்தது. ஆனால் தோற்றுப்போன ஆற்றங்கரைப் பள்ளிப் பையன்கள் சிரிக்கவில்லை. அவர்கள் இறுதி ஆட்டத்துக்கு வருமுன் மூன்று ஆட்டங்கள் ஆடி, மூன்றிலும் ஜெயித்திருந்தார்கள். அன்று காலையில்தான் மூன்றாவது ஆட்டம். மாலையில் மறுபடியும் களத்தில் இறங்கியபோது கால்கள் கெஞ்சின. எதிரே நின்ற நகரப் பள்ளியோ, இறுதி ஆட்டத்துக்கு வருமுன் ஆடியது ஒரே ஓர் ஆட்டம்! காலை முழுவதும் மரநிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, மாலையில் சட்டை கசங்காமல் வந்து நின்றது.

யாராவது சூழ்ச்சி செய்தார்களா? இல்லவே இல்லை. எல்லாம் எல்லோர் கண்ணெதிரிலும் சீட்டுக் குலுக்கிப் போட்டதுதான். தவறு சீட்டில் இல்லை, கணக்கில் இருந்தது. பதினொன்று என்ற அந்தப் பொல்லாத எண்ணை எப்படிக் கையாள்வது என்று எவரும் ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

எங்கே சறுக்கியது?

"நாக்-அவுட்" பந்தயம் என்றால் யாவருக்கும் தெரியும். தோற்றவன் வீட்டுக்கு, ஜெயித்தவன் அடுத்த சுற்றுக்கு. எட்டுக் கோஷ்டிகள் வந்தால் கவலையே இல்லை. எட்டு நாலாகும், நாலு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். பதினாறு வந்தாலும் அப்படியே. ஆனால் பள்ளிக்கூடங்கள் நம் சௌகரியத்தைப் பார்த்து எட்டாகவும் பதினாறாகவும் வருமா? அங்கே வந்தவை 11.

சென்ற ஆண்டு செய்தது இதுதான். பதினொரு கோஷ்டிகளையும் ஜோடி சேர்த்தார்கள். ஐந்து ஜோடி போக ஒரு கோஷ்டி மிஞ்சியது. மிஞ்சிய கோஷ்டி ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்றார்கள். இப்படி ஆடாமல் முன்னேறும் சலுகைக்குத்தான் விளையாட்டு வட்டாரத்தில் "பை" என்று பெயர். காய்கறி வாங்கும் பை அல்ல, ஓர் இங்கிலீஷ் வார்த்தை. சீட்டில் அது நகரப் பள்ளிக்கு விழுந்தது.

ஐந்து ஆட்டங்களில் ஜெயித்த ஐந்தும், பை வாங்கிய ஒன்றும் சேர்ந்து ஆறு. ஆறு பேர் ஆடினால் மூன்று. இங்கேதான் சிக்கல்! மூன்று பேரை எப்படி ஜோடி சேர்ப்பது? மறுபடியும் ஒருவருக்குப் பை. மறுபடியும் சீட்டு. அதிர்ஷ்ட தேவதையின் கிருபை, மறுபடியும் நகரப் பள்ளி! அரை இறுதியிலே ஆடாமல், நேரே இறுதி ஆட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

முதல் சுற்றில் கிடைக்கும் பை சிறு சலுகை. அரை இறுதியில் கிடைக்கும் பையோ பாதிக் கோப்பை. கோப்பைக்கு அருகே போகப் போக எதிராளிகள் வலுவானவர்கள், உடம்பும் களைத்திருக்கும். அந்த நேரத்தில் ஒருவருக்கு மட்டும் ஓய்வும் கொடுத்து, வலுவான ஓர் எதிரியையும் குறைத்துவிட்டால் அது போட்டியாகுமா?

விம்பிள்டனும் தப்பவில்லை

அந்தத் தாலுகா ஊர்க்காரர்கள் ஒரு விஷயத்தில் ஆறுதல் அடையலாம். உலகப் புகழ் பெற்ற விம்பிள்டன் டென்னிஸ் பந்தயமே முதன்முதலில் இதே குழியில்தான் விழுந்தது.

1877-ஆம் வருஷம் ஜூலை மாதம் அங்கே முதல் பந்தயம் நடந்தபோது ஆட வந்தவர்கள் 22 பேர். இருபத்திரண்டு பதினொன்றாயிற்று. பதினொன்றில் ஒருவருக்குப் பை கொடுத்து ஆறாக்கினார்கள். ஆறு மூன்றாயிற்று. மூன்று பேரில் வில்லியம் மார்ஷல் என்பவருக்குப் பை. அவர் அரை இறுதி ஆடாமலே இறுதி ஆட்டத்துக்குப் போனார். ஸ்பென்சர் கோர் என்பவர் அரை இறுதியில் ஹீத்கோட் என்பவரை ஜெயித்து வந்து, இறுதியில் மார்ஷலையும் தோற்கடித்துப் பட்டம் பெற்றார். அங்கே உழைத்தவரே ஜெயித்துவிட்டதால் வேலிக்கு அப்பாலிருந்து யாரும் கூவியிருக்க மாட்டார்கள்!

பிறகு பேக்னல்-வைல்ட் என்பவர் ஒரு முறையைச் சொன்னார். சொல்லக் கேட்டால், "இவ்வளவுதானா!" என்று தோன்றும். பை கொடுக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை. ஆனால் எல்லாப் பைகளையும் முதல் சுற்றிலேயே கொடுத்துத் தீர்த்துவிட வேண்டும். இரண்டாவது சுற்றிலிருந்து யாருக்கும் ஓய்வு கிடையாது. இன்று நம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானங்களில் உடற்கல்வி ஆசிரியர்கள் போடும் பட்டியலும் இதே தத்துவத்தின் மேல் நிற்பதுதான்.

இந்த ஆண்டுக் கணக்கு

இந்த ஆண்டு பந்தயத்தை நடத்தும் பொறுப்பு, நகரப் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியரிடம் வந்து சேர்ந்தது. இந்த ஆண்டும் கோஷ்டிகள் 11. தலைமை ஆசிரியரின் அறையில் ஒரு வெள்ளைத் தாளும் ரூல் தடியுமாக அவர் உட்கார்ந்தார்.

"எத்தனை பை வரும் மாஸ்டர்?" என்று தலைமை ஆசிரியர் கேட்டார்.

"ஐந்து, சார்."

"ஐந்தா! போன வருஷம் ஒன்றுக்கே ஊர் சிரித்ததே!"

ஆசிரியர் பென்சிலால் தாளில் ஓர் எண்ணை எழுதிக் காட்டினார்: 8.

முதல் சுற்று முடியும்போது எட்டுப் பேர் மிஞ்சினால் அப்புறம் தகராறே இல்லை. எட்டு, நாலு, இரண்டு, ஒன்று என்று வழுக்கிக்கொண்டு போய்விடும். வந்திருப்பது பதினொன்று. எட்டாக்க வேண்டுமானால் மூன்று கோஷ்டிகள் வெளியேற வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஒரு கோஷ்டிதான் வெளியேறும். ஆகவே முதல் சுற்றில் மூன்றே ஆட்டங்கள்; ஆடுபவை ஆறு கோஷ்டிகள். பாக்கி ஐந்துக்கும் பை. அவ்வளவுதான்!

இதையே சூத்திரமாகச் சொல்வதும் உண்டு. 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்களில், கோஷ்டிகளின் தொகைக்கு அடுத்த பெரிய எண்ணை எடுத்துக்கொள், அதிலிருந்து கோஷ்டிகளின் தொகையைக் கழி, மீதிதான் பைகள். பதினொன்றுக்கு அடுத்தது பதினாறு. பதினாறில் பதினொன்று போனால் ஐந்து. 13 கோஷ்டிகள் வந்தால் மூன்று பைதான். 9 வந்தாலோ, ஏழு பை! முதல் சுற்றில் ஒரே ஓர் ஆட்டம். விசித்திரமாகத் தோன்றினாலும் அதுவே சரி.

"மொத்தம் எத்தனை ஆட்டம் வரும்?" என்று அடுத்த கேள்வி வந்தது. பந்துக்கும் பழரசத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டுமே!

பத்து. ஒரு கோஷ்டி ஜெயிக்க, மற்ற பத்தும் தோற்றாக வேண்டும். ஒரு தோல்விக்கு ஓர் ஆட்டம். மூன்றாம் பரிசுக்கு ஓர் ஆட்டம் வைத்தால் பதினொன்று. எல்லோரும் எல்லோருடனும் ஆடும் "லீக்" முறை வைத்தால் 55 ஆட்டங்கள் ஆகும். இரண்டு நாளில் ஒரே களத்தில் அது நடக்கிற காரியமா? அதனால்தான் பள்ளிக்கூடங்கள் நாக்-அவுட்டை விடுவதில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மொத்தம் பத்து வருகிறதா என்று மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பட்டியல் சரி என்று நம்பிவிடக் கூடாது. சென்ற ஆண்டின் தப்பான பட்டியலிலும் ஐந்தும் மூன்றும் ஒன்றும் ஒன்றுமாகப் பத்து ஆட்டங்கள்தான்! பட்டியல் தப்பு என்பதைக் காட்டிக் கொடுக்கும் அடையாளம் வேறு. முதல் சுற்றுக்குப் பிறகு மிஞ்சுவது 4, 8, 16 போன்ற எண்ணாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு மிஞ்சினால், எங்கேயோ பின்னால் ஒரு பை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஐந்து பையும் எங்கே வைப்பது?

ஐந்து பை என்று தெரிந்துவிட்டது. அவற்றைப் பட்டியலில் ஒரே பக்கமாகக் குவித்துவிட்டால் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கொண்டாட்டம், மறுபக்கத்துக்காரர்களுக்குத் திண்டாட்டம். ஆகவே முதலில் பட்டியலை மேல் பாதி, கீழ்ப் பாதி என்று பிரிக்கிறார்கள். ஒற்றைப்படையாக இருப்பதால் மேல் பாதியில் ஒன்று கூடுதல். 1 முதல் 6 வரை மேல் பாதி; 7 முதல் 11 வரை கீழ்ப் பாதி.

பை வைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதல் பை கீழ்ப் பாதியின் கடைசி இடத்துக்கு, அதாவது 11-ஆம் எண்ணுக்கு. இரண்டாவது, மேல் பாதியின் முதல் இடமான 1-க்கு. மூன்றாவது, கீழ்ப் பாதியின் முதல் இடமான 7-க்கு. நான்காவது, மேல் பாதியின் கடைசி இடமான 6-க்கு. நாலு மூலையும் தீர்ந்தபின் மறுபடி கீழே வந்து, கடைசிக்கு முந்திய இடமான 10-க்கு ஐந்தாவது பை.

ஆசிரியர் தாளில் எழுதியது இப்படி வந்தது:

1 — பை
2 — 3 ஆட்டம்
4 — 5 ஆட்டம்
6 — பை
(இது மேல் பாதி)

7 — பை
8 — 9 ஆட்டம்
10 — பை
11 — பை
(இது கீழ்ப் பாதி)

மேல் பாதியில் இரண்டு ஆட்டம், இரண்டு பை, மிஞ்சுவது நாலு. கீழ்ப் பாதியில் ஓர் ஆட்டம், மூன்று பை; அங்கேயும் மிஞ்சுவது நாலு. தராசுத் தட்டு இரண்டும் சமம். இரண்டாவது சுற்றில் 1-ஆம் எண், 2-3 ஆட்டத்தில் ஜெயித்தவருடன் மோதும். 4-5-இல் ஜெயித்தவர் 6-உடன். 7-ஆம் எண், 8-9-இல் ஜெயித்தவருடன். 10-உம் 11-உம் நேருக்கு நேர்.

நாற்றை இடைவெளி விட்டு நடுவது

கட்டங்கள் தயார். எந்தக் கட்டத்தில் யாரை உட்கார வைப்பது? எல்லாவற்றையும் சீட்டுக்கே விட்டால் என்ன என்று கேட்கலாம். விட்டால், இருப்பவற்றில் மிக நல்ல இரண்டு கோஷ்டிகள் சனிக்கிழமைக் காலையிலேயே மோதிக்கொண்டு, ஒன்று மூட்டை கட்டிவிடக் கூடும். ஞாயிற்றுக்கிழமை மாலை இறுதி ஆட்டம் சப்பென்று இருக்கும்.

கணித ஆசிரியரும் "ஆலிஸ்" கதையை எழுதியவருமான லூயிஸ் கரோல் 1883-இல் இதைப் பற்றி ஒரு சிறு புத்தகமே எழுதினார். டென்னிஸ் பந்தயத்தில் இரண்டாம் பரிசு கொடுக்கும் லட்சணத்தைக் கண்டு அவருக்குப் பொறுக்கவில்லை. 32 பேர் ஆடும் பந்தயத்தில், திறமையில் இரண்டாவதாக இருப்பவனுக்கு இரண்டாம் பரிசு கிடைக்க 31-க்கு 16 பங்குதான் வாய்ப்பு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். காரணம் எளிது. முதல்வன் இருக்கும் பாதியிலேயே இவனும் மாட்டிக்கொண்டால், இறுதிக்கு முன்பே அவனிடம் தோற்று வெளியேற வேண்டியதுதான்.

இதற்குக் கண்ட பரிகாரம்தான் "சீடிங்". விம்பிள்டனில் திறமையின் வரிசைப்படி சீடிங் செய்தது 1927 முதல். நல்ல கோஷ்டிகள் எவை என்று முன்கூட்டியே தீர்மானித்து, அவற்றைப் பட்டியலில் ஒன்றுக்கொன்று எட்டி வைத்துவிடுவது. நாற்று நடுகிறவர்கள் இடைவெளி விட்டு நடுகிறார்களே, அதைப் போல.

அந்த ஊரில் நாலு கோஷ்டிகளுக்குச் சீடிங் என்று முடிவாயிற்று. முதலாவது கோஷ்டியை 1-ஆம் எண்ணில் வைப்பது, இரண்டாவதை 11-இல். இரண்டும் இரு துருவங்கள். இறுதி ஆட்டத்தில்தான் சந்திக்க முடியும். மூன்றாவதும் நாலாவதும் யார் எந்தப் பாதி என்பதைச் சீட்டுப் போட்டு, 6-க்கும் 7-க்கும் அனுப்புவது. நாலும் அரை இறுதி வரை ஒன்றையொன்று பார்க்காது. மேலே சொன்ன நாலு மூலைகளும் இவையேதான். எனவே நாலுக்கும் பை தானாகவே கிடைத்துவிடுகிறது.

யார் முதல்வர்?

கணக்கு முடிந்தது, இனிமேல்தான் சண்டை!

"நம்ம பள்ளி போன வருஷம் ஜெயிச்சது. முதல் இடம் நமக்குத்தானே?" என்றார் தலைமை ஆசிரியர்.

ஆசிரியர் தயங்கினார். சம்பளம் வாங்கும் இடத்தில் மறுத்துப் பேசுவது எளிதல்ல. இருந்தாலும் சொன்னார். "போன வருஷம் ஆடின ஆறு பேரில் நாலு பேர் பிளஸ் டூ முடிச்சுப் போயிட்டாங்க, சார். பேர் தான் அதே பேர், கோஷ்டி வேற."

பள்ளிக்கூடப் பந்தயங்களில் சீடிங்குக்கு உள்ள பெரிய பலவீனம் இதுதான். பெரியவர்கள் கோஷ்டி பல வருஷம் மாறாமல் இருக்கும். பள்ளிக் கோஷ்டியோ ஆண்டுதோறும் உதிர்ந்து துளிர்க்கும் மரம். சென்ற ஆண்டின் கோப்பையை மட்டும் வைத்து இந்த ஆண்டுக் கோஷ்டியை எடை போட முடியாது. ஆகவே மூன்று பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களைக் கூப்பிட்டார்கள். சீடிங்கில் வரக்கூடிய பள்ளி எதையும் சேராதவர்கள் அவர்கள். இந்த ஆண்டு நடந்த மற்ற ஆட்டங்களின் முடிவுகளை மேஜைமேல் பரப்பி, சென்ற ஆண்டுப் பையன்களில் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள் என்பதையும் பார்த்து முடிவு செய்தார்கள். ஆற்றங்கரைப் பள்ளிக்கு முதலிடம். அங்கே ஆறு பேரில் ஐவர் அப்படியே இருந்தார்கள். நகரப் பள்ளிக்கு இரண்டாமிடம். மூன்றாவது மில் பள்ளி; நாலாவது சந்தைப்பேட்டைப் பள்ளி.

ஐந்தாவது, ஆறாவது என்று மேலும் தரம் பிரிக்கலாமா என்று ஒருவர் கேட்டபோது மற்ற இருவரும் மறுத்துவிட்டனர். மற்ற ஏழு பள்ளிகளையும் தரம் பிரிக்கத் தக்க ஆதாரம் அவர்களிடம் இல்லை. தெரிந்த வரையில்தான் சீடிங். தெரியாத இடத்தில் சீட்டே நியாயம்.

தகர டப்பாவில் ஏழு சீட்டு

பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு, பதினொரு காப்டன்களையும் வரவழைத்து, பட்டியலைக் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டுச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். மூன்றாம், நாலாம் கோஷ்டிகளுக்கு முதலில் சீட்டு. மில் பள்ளிக்கு 7 வந்தது, சந்தைப்பேட்டைக்கு 6. பிறகு மிஞ்சிய ஏழு எண்களும் ஒரு தகர டப்பாவுக்குள் போயின. 2, 3, 4, 5, 8, 9, 10.

புதிதாக மேல்நிலைப் பள்ளியான ஒரு சிற்றூர்ப் பள்ளியின் காப்டன் சீட்டைப் பிரித்தான்; 10. "பை! நமக்குப் பை!" என்று துள்ளிக் குதித்தான். கரும்பலகையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. பக்கத்தில், 11-இல், போன வருஷ சாம்பியன்!

"இதென்ன சார், பை கொடுத்துட்டுப் புலி வாயில போடறீங்க?"

அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அவனுக்கு எதிரே நின்ற நகரப் பள்ளிக் காப்டன் முணுமுணுத்ததிலும் நியாயம் இருக்கிறது. சீடிங் பெற்ற மற்ற மூன்று கோஷ்டிகளுக்கும், ஏற்கெனவே ஓர் ஆட்டம் ஆடிய எதிராளிதான் வருவான். நகரப் பள்ளிக்கு மட்டும் ஓய்வாக இருந்த எதிராளி. இதைத் தவிர்க்க முடியுமா? முடியாது. பைகள் ஐந்து, பட்டியலின் கால்பகுதிகள் நாலு. ஏதோ ஒரு கால்பகுதியில் இரண்டு பை சேர்ந்தே ஆக வேண்டும். எங்கே சேர வேண்டும் என்பதைச் சீட்டு எடுக்கும் முன்பே, கரும்பலகையில் எழுதி எல்லோரும் பார்க்க வைத்துவிட வேண்டும். செய்யக்கூடியது அவ்வளவே. பெயர்கள் விழுந்த பிறகு கட்டத்தை நகர்த்தினால், அதைவிடப் பெரிய அநியாயம் கிடையாது.

எந்த ஆட்டம் எப்போது?

பட்டியல் சரியாக இருந்தும், நேரம் வைப்பதில் தவறினால் அத்தனை பாடும் வீண். ஒரே களம், ஓர் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம். சனிக்கிழமை முதல் இரண்டு சுற்றும் முடிந்தாக வேண்டும்.

ஆசிரியர் ஒரு சின்ன யுக்தி செய்தார். காலை ஏழு மணிக்கு 2-3 ஆட்டம், எட்டுக்கு 4-5, ஒன்பதுக்கு 8-9. முதல் சுற்று முடிந்தது. அடுத்து, பத்து மணிக்கு அவர் வைத்தது 10-11 ஆட்டம். ஏன்? இருவரும் பை வாங்கியவர்கள். யாருடைய களைப்பும் தீரக் காத்திருக்க வேண்டியதில்லை. வெயில் தாழ்ந்து மூன்று மணிக்கு 1-ஆம் எண்ணின் ஆட்டம், நாலுக்கு 6, ஐந்துக்கு 7. இந்த வரிசையில், காலையில் ஆடிய மூன்று வெற்றிக் கோஷ்டிகளில் ஒவ்வொன்றுக்கும் அடுத்த ஆட்டத்துக்கு முன் சரியாக மூன்று ஆட்ட நேரம் இடைவெளி. மத்தியான ஓய்வு அதற்கு மேல் லாபம். ஞாயிறு காலை அரை இறுதி இரண்டு; மாலை நாலரைக்கு இறுதி. இறுதிக்கு வரும் இருவருமே அன்று காலை ஆடியவர்கள். ஆகவே களைப்பும் சமம்.

சனிக்கிழமை ஒரு சோதனை வந்தது. 5-ஆம் எண் கோஷ்டி எட்டேகால் வரை வரவில்லை. பஸ் கிடைக்கவில்லையாம். "பட்டியலை மாற்றிப் போட்டுடலாமா?" என்று சிலர் ஆரம்பித்தார்கள். ஆசிரியர் தலையசைத்து மறுத்து, 4-ஆம் எண்ணுக்கு "வாக்-ஓவர்" என்று எழுதினார். வாக்-ஓவர் வேறு, பை வேறு. பை என்பது பட்டியல் கொடுப்பது; அங்கே எதிராளியே கிடையாது. வாக்-ஓவர் என்பது வராத எதிராளியை ஜெயித்ததாகக் கொள்வது. ஒருவர் வரவில்லை என்று பட்டியலைக் கலைத்தால், மற்ற பத்துப் பேரின் சீட்டையும் கலைத்ததாகும்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. "புலி வாயில் போடறீங்க" என்று அழுத சிற்றூர்ப் பையன்கள், பத்து மணி ஆட்டத்தில் நகரப் பள்ளியை இரண்டு செட்டில் மண்ணைக் கவ்வ வைத்தார்கள்! மறுநாள் காலை அரை இறுதியில் மில் பள்ளியிடம் அவர்கள் தோற்றது வேறு விஷயம். மறுபாதியில் ஆற்றங்கரைப் பள்ளி தன் இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்து வந்தது. மாலையில் மில் பள்ளியும் ஆற்றங்கரைப் பள்ளியும் இறுதியில் மோதின. இருவரும் அதுவரை ஆடியது இரண்டிரண்டு ஆட்டங்கள். மூன்றாவது செட் வரை இழுத்து, ஆற்றங்கரைப் பள்ளி கோப்பையைத் தட்டிக்கொண்டு போயிற்று.

குறையே இல்லாத பந்தயம் என்று சொல்ல முடியுமா? முடியாது. 2, 3, 8, 9-ஆம் எண்களில் வந்த எந்தக் கோஷ்டியும் கோப்பை வாங்க நாலு ஆட்டம் ஜெயித்திருக்க வேண்டும். ஆற்றங்கரைக்கு மூன்றே போதுமாயிருந்தது. முதல் சுற்றில் தோற்றவர்கள் ஒரே ஆட்டத்தோடு டிபன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். நாக்-அவுட் பந்தயத்தின் பிறவிக் குணம் அது.

பரிசளிப்பு முடிந்ததும் தலைமை ஆசிரியர் ஆசிரியரைத் தனியாக அழைத்தார். சொந்தப் பள்ளி சனிக்கிழமையே தோற்றதில் அவருக்கு வருத்தம் இல்லாமல் இல்லை.

"தோத்தது தோத்ததுதான். ஆனா வேலிக்கு அந்தப் பக்கம் கவனிச்சீங்களா, மாஸ்டர்? இந்தத் தடவை யாரும் கத்தல்லே."

கரும்பலகையில் பட்டியல் அப்படியே இருந்தது. சிற்றூர்ப் பள்ளிக் காப்டன் அதன் எதிரே நின்று, 10-ஆம் எண்ணுக்கு எதிரே இருந்த "பை" என்ற எழுத்தை ஒருமுறை பார்த்துச் சிரித்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.